பல்லியும் பள்ளியும்: நடுவயதில் பார்வை இழந்தவர் பிரெய்லை எப்படிக் கற்கிறார்?

லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்போம். தேர்தல் நாளில் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் ஒவ்வொரு வேட்பாளருடைய பொத்தானுக்குப் பக்கத்திலும் அதே மாதிரிப் புள்ளிகள் இருக்கும். பார்வையற்றவர்கள் எல்லாரும் அதைத் தடவிப் படித்துவிடுவார்கள் என்றே பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சிறுவயதிலிருந்து பார்வையற்றோர் பள்ளியில் படித்தவருக்கு அது எழுத்து. 50 வயதுக்கு மேல் சர்க்கரை நோயாலோ கண் அழுத்த நோயாலோ பார்வை போனவருக்கு அது வெறும் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பு எழுத்தாக மாறுவதற்கு என்னென்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு முதலில் பிரெய்ல் என்ற இந்தப் புள்ளி எழுத்தின் அடிப்படை தெரிய வேண்டும்.

ஆறு புள்ளி, ஒரு கட்டம்

பிரெய்லின் அடிப்படை அலகு ஒரு கட்டம். அதில் புள்ளி வைக்க ஆறு இடங்கள்: இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, வலப்பக்கம் மேலிருந்து கீழே 4, 5, 6. ஒவ்வோர் இடத்திலும் புள்ளி இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆக மொத்தம் 64 வடிவங்கள். அதில் ஒன்று முழுக்க வெற்றுக் கட்டம். அது சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி. மீதி 63 வடிவங்களை வைத்துத்தான் உலகத்து மொழிகள் எல்லாம் பிரெய்லில் எழுதப்படுகின்றன.

ஏன் ஆறு? பிரான்சில் சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி இதற்கு முன்பே ஒரு புள்ளி எழுத்து முறையை உருவாக்கியிருந்தார். அதில் ஒரு கட்டத்துக்கு 12 புள்ளி, வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை. விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. ஓர் எழுத்தைப் படிக்கவே விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசி குத்தி, அதனால் பார்வை இழந்த லூயி பிரெய்ல், 1824இல் தன் 15ஆவது வயதில் அந்தக் கட்டத்தைப் பாதியாகக் குறைத்தார். 1829இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் செய்த காரியத்தின் உயிர்நாடி இதுதான்: விரலை ஒருமுறை வைத்தால் எழுத்து முழுவதும் அதன் அடியில் இருக்க வேண்டும்.

அளவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரு கட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். சாதாரண விரல் நுனியால் இரண்டு புள்ளிகளை இரண்டு என்று பிரித்தறிய முடிகிற எல்லையே 2, 3 மில்லிமீட்டர்தான். அதாவது பிரெய்ல் நம் தொடுவுணர்வின் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது.

தமிழ் அதற்குள் எப்படி அடங்குகிறது?

இந்திய மொழிகளுக்கு முன்பு ஆளுக்கொரு பிரெய்ல் முறை இருந்தது. 1951இல் பாரதி பிரெய்ல் என்ற பொதுமுறை வந்தது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி வடிவம் என்பது அதன் கொள்கை.

நமக்கு 247 எழுத்து ஆயிற்றே, 63 வடிவம் எப்படிப் போதும்? பிரெய்லில் உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது. 12 உயிர், 18 மெய், ஆய்தம், அப்புறம் மெய்யைக் காட்ட ஒரு குறி. ஜ, ஷ, ஸ போன்ற சில கிரந்த எழுத்துகளைத் தவிர்த்தால் கற்க வேண்டியது இவ்வளவுதான். "மி" என்று எழுத ம-வும் இ-யும் அடுத்தடுத்த கட்டங்களில் வரும். அச்சில் "கொ" எழுத க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் போடுகிறோம். பிரெய்லில் க, அதன் பிறகு ஒ, அவ்வளவுதான்.

இரண்டு சொற்களைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம்.

கடை: ⠅⠾⠌
க (1, 3), ட (2, 3, 4, 5, 6), ஐ (3, 4).

தமிழ்: ⠞⠍⠊⠈⠷
த (2, 3, 4, 5), ம (1, 3, 4), இ (2, 4), மெய்க்குறி (4), ழ (1, 2, 3, 5, 6).

இரண்டாவது சொல்லில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அச்சில் "ழ" எழுதிவிட்டு அதன் தலையில் புள்ளி வைக்கிறோம். பிரெய்லில் அந்தக் குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது. நாலாம் புள்ளி மட்டும் உள்ள ஒரு கட்டம் விரலில் பட்டால், "அடுத்து வருவது உயிரில்லாத மெய்" என்று பொருள். 40, 50 ஆண்டு அச்சுத் தமிழ் படித்த ஒருவருக்கு இது முதல் சில வாரங்கள் தடுமாற்றத்தைத் தரும். ழ வரும், அப்புறம் புள்ளி வரும் என்றுதான் அவர் மனம் காத்திருக்கும்.

எழுத்து நினைவில் நிற்கும், விரலில் நிற்காது

பெரியவர்கள் கற்கும்போது எல்லாருமே தவறாகக் கணிக்கும் இடம் ஒன்று உண்டு. 30 சொச்சம் வடிவங்களை மனப்பாடம் செய்வதுதான் கடினம் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரியவர் ஒருவர் அவற்றைச் சில வாரங்களில் ஒப்பித்துவிடுவார். "ல என்றால் 1, 2, 3, ள என்றால் 4, 5, 6" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தாளில் கை வைத்ததும் ஒன்றும் புரியாது. காரணம், வடிவம் எது என்பதோடு, கட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்பதும் எழுத்தைத் தீர்மானிக்கிறது. தாளில் கட்டத்துக்குக் கோடு போட்டிருக்காது. புள்ளி இல்லாத இடம் வெறும் தாள்தான்.

ல (⠇) என்பது மூன்று புள்ளிகள் செங்குத்தாக. ள (⠸) என்பதும் அதே மூன்று புள்ளிகள் செங்குத்தாக. ஒன்று கட்டத்தின் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். தனியாக வைத்தால் உலகத்திலேயே கெட்டிக்கார விரலாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பிறகு எப்படிப் படிக்கிறார்கள்? பக்கத்து எழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்து.

பல்லி: ⠏⠈⠇⠇⠊
பள்ளி: ⠏⠈⠸⠸⠊

இரண்டிலும் முதல் இரண்டு கட்டம் ஒன்றுதான்: ப, மெய்க்குறி. கடைசிக் கட்டமும் ஒன்றுதான்: இ. நடுவில் இரண்டு செங்குத்துத் தூண்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள தூரமும் இரண்டு சொல்லிலும் அதே 6 மில்லிமீட்டர். வித்தியாசம் ஓரங்களில் இருக்கிறது. "பல்லி"யில் முதல் தூண் மெய்க்குறிக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் பக்கத்தில் ஒட்டி நிற்கும். கடைசித் தூணுக்குப் பிறகு இ வர 6 மில்லிமீட்டர் ஆகும். "பள்ளி"யில் இது தலைகீழ். முதலில் 6 மில்லிமீட்டர் வெறும் தாள், கடைசியில் தூணை ஒட்டியே இ. பழகிய விரல் இந்த இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறது. புதிய விரலுக்கு இரண்டும் ஒரே சொல்தான்.

இதே சிக்கல் பல எழுத்துகளில் உண்டு. அ என்பது 1ஆம் புள்ளி மட்டும், மெய்க்குறி 4ஆம் புள்ளி மட்டும், ஆய்தம் 6ஆம் புள்ளி மட்டும். மூன்றுமே ஒற்றைப் புள்ளி. இ (2, 4) கண்ணாடியில் பார்த்தால் ஏ (1, 5). எண்களில் இது இன்னும் சங்கடம் தரும். எண் குறி (3, 4, 5, 6) போட்டுவிட்டு ஏ வடிவம் வந்தால் 5, இ வடிவம் வந்தால் 9. அடுக்குமாடி லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டியவர் ஒன்பதாம் மாடியில் இறங்கும் ஆபத்து நிஜமானது.

52 வயதில் தொடங்கும் ஒருவர்

வியாசர்பாடியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், வயது 52, சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கியதால் பார்வை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் நன்றாகப் படிப்பார், கணக்கு மனதிலேயே போடுவார். ஆக, மொழியை அவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. விரல்தான் கற்க வேண்டும். பயிற்சி பொதுவாக இப்படிப் போகும்.

1. முதலில் பெரிய கட்டம். ஆறு புள்ளிகளின் இடம் கைக்குப் பழக வேண்டும். ஆறு குழி உள்ள முட்டை அட்டை போதும். வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் இன்னும் நல்லது: ஏழு ஏழு குழியாக இரண்டு வரிசை கொண்ட அதை நெடுக்காகத் திருப்பி வைத்தால், மேல் மூன்று வரி ஒரு பிரெய்ல் கட்டம்! புளியங்கொட்டையைப் போட்டு "ட வை", "ழ வை" என்று வீட்டிலிருப்பவர் சொல்லச் சொல்ல வைக்கலாம். பார்வை இருந்தவர் என்பதால் மனதில் படமாகவும் பதியும். அது அவருக்குள்ள ஆதாயம்.

2. அடுத்தது எழுத்தே இல்லாத வரிகள். ஆறு புள்ளியும் உள்ள முழுக் கட்டங்கள் (⠿) வரிசையாக, நடுநடுவே இடைவெளியோடு. இடமிருந்து வலம் வரி விலகாமல் விரலை ஓட்டி, எங்கே இடைவெளி என்று சொல்ல வேண்டும். அவசரப்படுபவர்கள் இதைத் தாண்டிவிடுவார்கள். பின்னால் வரி மாறி வரி படித்துத் திணறுவார்கள். வலக்கை ஒரு வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கமும் இங்கேதான் வருகிறது.

3. பிறகு எழுத்துகள், ஆனால் அ, ஆ, இ என்று பாட வரிசையில் போக வேண்டியதில்லை. விரலுக்கு நன்றாக வேறுபடுபவை முதலில். "கடை" என்ற சொல் நல்ல தொடக்கம்: இரண்டு புள்ளி, ஐந்து புள்ளி, இரண்டு புள்ளி. ல-வையும் ள-வையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் இரண்டும் கலங்கிவிடும். ஒன்று கையில் நன்றாக ஊறிய பிறகே மற்றதைத் தருவது நல்லது.

4. எழுத்தாகத் தெரியத் தொடங்கியதும் சின்னச் சொற்கள். இங்கே தமிழ் தெரிந்திருப்பது பெரிய துணை. "மலை" என்பதில் ம, ல தெரிந்துவிட்டால் ஐ-யைப் பாதி ஊகித்துவிடலாம். ஊகம் தப்பில்லை, கண்ணால் படிக்கும்போதும் நாம் அதைத்தான் செய்கிறோம்.

இந்த நாலிலும் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வரும்: அழுத்திப் படிப்பது. புரியவில்லை என்றால் இன்னும் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் புள்ளிகள் சதைக்குள் ஒன்றாகிவிடும், விரலும் சீக்கிரம் மரத்துப்போகும். அசையாமல் வைத்த விரலுக்கு உணர்வு மங்கிவிடும். லேசாகப் பக்கவாட்டில் நகரும்போதுதான் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தாளை எதிலும் செருகாமல் மேசைமேல் சும்மா வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். விரலோடு தாளும் சேர்ந்து நகர்ந்தால் அழுத்தம் அதிகம். இன்னொரு அறிகுறி, ஒரே எழுத்தின் மேல் விரல் மேலும் கீழும் தேய்ப்பது. புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார் என்று பொருள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டால் பிறகு வேகமே வராது. அப்போது முழுக் கட்ட வரிகளுக்குத் திரும்பிப் போவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

சர்க்கரை நோய் விரலையும் தொடும்போது

நம் மளிகைக் கடைக்காரருக்கு இன்னொரு சிக்கல் இருக்கலாம். பார்வையைப் பறித்த அதே நோய் நரம்பையும் பாதிக்கும். மரத்துப்போவது பெரும்பாலும் காலில் தொடங்கும். கைக்குப் பிறகே வரும். வந்துவிட்டால் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி விரலுக்கு எட்டாது. எட்டு வாரம் முயன்றும் முழுக் கட்டத்துக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அவர் சோம்பேறி என்று நினைக்கக் கூடாது, தனக்கு வயதாகிவிட்டது என்று அவரும் நொந்துகொள்ளக் கூடாது. விரல் உணர்வை மருத்துவரிடம் சோதிக்கச் சொல்ல வேண்டும். எல்லா விரலும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை என்பதால் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலாகப் படித்துப் பார்க்கலாம். ஆள்காட்டி விரல்தான் என்று கட்டாயம் கிடையாது. புள்ளிகளின் இடைவெளியை அகலமாக்கி அச்சிடும் பெரிய பிரெய்லும் உண்டு. அதில் நீளமான புத்தகம் படிப்பது கடினம், பெயர்ச் சீட்டுகளுக்குப் போதும்.

தினமும் வீட்டில் சர்க்கரை அளவு பார்ப்பவர்கள் குத்தும் இடத்தையும் கவனிக்க வேண்டும். படிக்கும் விரலின் நடுச்சதையில் குத்திக் குத்தித் தோல் தடித்துவிட்டால் புள்ளி தெரியாது. மோதிர விரல் அல்லது சுண்டு விரலின் பக்கவாட்டில் குத்திக்கொள்வது படிக்கும் விரலைக் காப்பாற்றும். பயிற்சி தொடங்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், பாதி பேருக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

எழுதும்போது இடம் வலமாகும்

எழுதுவதற்கு மலிவான கருவி சட்டமும் எழுத்தாணியும். கெட்டித் தாளைச் சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, மேல் தகட்டின் சின்னச் சன்னல்கள் வழியே எழுத்தாணியால் குத்த வேண்டும். புள்ளி தாளின் மறுபக்கம் மேலெழும். ஆகவே வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். எழுதும்போது 1, 2, 3 வலப்பக்கம் வந்துவிடும். இதைப் படமாக நினைத்துத் திருப்ப முயன்றால் தலை சுற்றும். எந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குகிறோமோ அந்தப் பக்கம்தான் 1, 2, 3 என்று எண்ணாக நினைத்தால் குழப்பமே வராது. எழுதிப் பார்த்ததில் ல எல்லாம் ள ஆகியிருந்தால் தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

பெர்க்கின்ஸ் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரத்தில் இந்தத் தலைகீழ் வேலை இல்லை. ஆறு விசை, நடுவில் இடைவெளி விசை. இடக்கை ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலக்கையில் அதே வரிசையில் 4, 5, 6. ஓர் எழுத்தின் புள்ளிகளை எல்லாம் ஒரே அழுத்தில் தட்ட வேண்டும். கனமான, விலை கூடிய இயந்திரம் என்பதால் பெரும்பாலும் பயிற்சி மையத்தில்தான் கைக்குக் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் பூந்தமல்லியில் உள்ள பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையத்தில் விசாரித்துத் தொடங்கலாம். படிக்கத் தெரிந்த பிறகு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவு இருக்கிறது.

முதல் பயன்: அஞ்சறைப் பெட்டி

நாவல் படிக்கும் வேகம் வருவதற்குப் பல மாதம், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். கைபேசியே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும்போது பிரெய்ல் எதற்கு என்ற கேள்வியும் வரும். நீளமான எழுத்துக்குக் கைபேசி போதும் என்பது சரி. ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது எந்த டப்பா என்று கண்டுபிடிக்க விரல்தான் வேகமானது. 30 எழுத்து தெரிந்த முதல் மாதத்திலேயே கிடைக்கிற பயன் இது.

கடைக்காரர் வீட்டுச் சமையலறையையே எடுத்துக்கொள்வோம். ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் சட்டத்தை வைத்து எழுதி, வெட்டி ஒட்டலாம். முதலெழுத்தை மட்டும் போடலாம் என்று தோன்றும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், மிளகு. நாலுமே ம! சரி, நடுவெழுத்தைப் போடலாம் என்றால் மல்லிக்கு ல, மிளகுக்கு ள. தனியாக ஒட்டிய சீட்டில் இரண்டும் ஒரே மூன்று புள்ளித் தூண். பக்கத்து எழுத்து இல்லாததால் இடமா வலமா என்று சொல்ல வழியே இல்லை. மஞ்சளுக்கு ஞ (2, 5) போட்டால் அது கிடையாக இரண்டு புள்ளி. சீரகத்துக்குப் போடும் ச-வும் (1, 4) அதேதான், உயரம் மட்டும் வேறு.

இதற்கான வழி, எழுத்துக்கு முன்னால் ஒரு முழுக் கட்டத்தைப் போடுவது. மல்லிக்கு ⠿⠇, மிளகுக்கு ⠿⠸. மஞ்சளுக்கு ⠿⠒, சீரகத்துக்கு ⠿⠉. விரல் முதலில் முழுக் கட்டத்தைத் தொட்டு, கட்டத்தின் உயரமும் ஓரமும் எங்கே என்று தெரிந்துகொள்ளும். பிறகு தூண் அதை ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்பது தெளிவாகும். மிளகாய்த்தூளுக்கு க (⠿⠅) போடலாம், காரம் என்று நினைவில் நிற்கும்.

மிச்சமிருப்பது ஒரே ஒரு கவனம்தான். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தாலோ சீட்டைத் தலைகீழாக ஒட்டினாலோ முழுக் கட்டம் வலப்பக்கம் போய்விடும், ல-வும் ள-வாகத் தெரியும். அதனால் சீட்டின் மேல் இடமூலையைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிட்டு ஒட்ட வேண்டும். விரல் அந்த வெட்டுமூலையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படிக்கத் தொடங்கும்.